ஸ்கூல் திறக்க 28 நாள்: எந்த ரிமைண்டர் எந்த நாள்ல அடிக்கணும்

எங்க அபார்ட்மெண்ட்ல ஒவ்வொரு மே கடைசி வாரமும் ஒரே காட்சிதான். ஒருத்தர் டெய்லர் கடை வாசல்ல நின்னு கெஞ்சிட்டு இருப்பாங்க, இன்னொருத்தர் ஃபீஸ் கட்ட கடைசி நாள்னு ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோனைக் கையில வெச்சுட்டு அல்லாடிட்டு இருப்பாங்க. இவங்க யாரும் மறதிக்காரங்க இல்ல, எல்லார் ஃபோன்லயும் ரிமைண்டர் இருந்துச்சு, ஆனா தப்பான நாள்ல இருந்துச்சு. நான் ரெண்டு பிள்ளைங்களை வெச்சுட்டு சில வருஷம் இதே மாதிரி அல்லாடினதுக்கப்புறம்தான் ஒரு ஒழுங்குக்கு வந்தேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

இது தமிழ்நாட்டு ஸ்டேட் போர்டு, மெட்ரிக் ஸ்கூல் கணக்கு, அதாவது மே முழுக்க லீவு, ஜூன்ல திறப்பு. சிபிஎஸ்இ ஸ்கூல் பலதுல ஏப்ரல்லயே புது கிளாஸ் ஆரம்பிச்சு புக்கும் ஃபீஸும் முடிஞ்சிருக்கும், அவங்களுக்கு இதுல யூனிஃபார்மும் வேனும் மட்டும்தான் மிச்சம்.

## 1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

மூணு விஷயம் போதும். ஸ்கூல் கடைசியா அனுப்பின சர்குலர், போன வருஷ ஃபீஸ் ரசீது, அப்புறம் பிள்ளைங்களோட பழைய யூனிஃபார்ம் மொத்தமும் பீரோலருந்து எடுத்து கட்டில் மேல.

சர்குலர்ல அஞ்சு தேதியைத் தேடுங்க: ஸ்கூல் திறக்கற நாள், ஃபீஸ் கட்ட முதல் நாளும் கடைசி நாளும், புக் கொடுக்கற நாள், ஸ்கூல்லயே யூனிஃபார்ம் வித்தா அந்தக் கவுன்ட்டர் திறக்கற நாள். இதுல எது இல்லையோ அதை ஆஃபீஸுக்கு ஃபோன் பண்ணி கேட்டுடுங்க, மே முதல் வாரத்துல ஆஃபீஸ்ல ஆள் இருப்பாங்க, ரெண்டாவது வாரத்துக்கு மேல அரை நாள்தான் இருப்பாங்க இல்லன்னா ஃபோனே எடுக்க மாட்டாங்க.

போன வருஷ ரசீது எதுக்குன்னா, சர்குலர்ல டியூஷன் ஃபீஸ் மட்டும் போட்டுட்டு மத்ததெல்லாம் கவுன்ட்டர்ல சொல்ற ஸ்கூல் நிறைய. பழைய ரசீதைப் பாத்தாதான் எந்தெந்த தலைப்புல காசு போச்சுன்னு தெரியும்.

## 2. திறக்கற நாள்லருந்து பின்னாடி எண்ணுங்க

நிறைய பேரு பண்ற முதல் தப்பு, வேலை முடியவேண்டிய நாள்ல ரிமைண்டர் வைக்கறது. "மே 30 யூனிஃபார்ம்" அப்படின்னு போட்டா மே 30 அன்னைக்கு ஃபோன் அடிக்கும், அன்னைக்கு துணிக்கடைக்குப் போக முடியும், ஆனா தைக்க யாரும் இல்ல. ரிமைண்டர் அடிக்க வேண்டியது வேலை ஆரம்பிக்கற நாள்ல.

2025ல ஜூன் 2, திங்கக்கிழமை திறந்தாங்க, அதையே உதாரணமா வெச்சுக்கறேன். 28 நாள் பின்னாடி போனா மே 5, அதாவது கத்திரி ஆரம்பிச்ச மறுநாள். 21 நாள் மே 12, 14 நாள் மே 19, 7 நாள் மே 26. எல்லாமே திங்கக்கிழமை, ஞாபகம் வெச்சுக்க சுலபம்.

விரல் விட்டு எண்ணாம கூகுள் ஷீட்ல போட்டுக்கறது நல்லது, ஏன்னு அடுத்த பாயிண்ட்ல தெரியும்.

```
B1   =DATE(2025,6,2)
B3   =$B$1-28
B4   =$B$1-21
B5   =$B$1-14
B6   =$B$1-10
B7   =$B$1-7
B8   =$B$1-3
```

முதல் கட்டத்துல `2/6/2025`னு நேரா டைப் பண்ணாதீங்க. ஷீட்டோட செட்டிங் அமெரிக்காவுல இருந்தா அது பிப்ரவரி 6னு எடுத்துக்கும், எல்லாத் தேதியும் ஜனவரியிலயும் பிப்ரவரி ஆரம்பத்துலயும் போய் நிக்கும். அதுக்குத்தான் `DATE`. அடைப்புக்குள்ள வருஷம், மாசம், நாள் அப்படிங்கற வரிசை. தேதிக்கு பதிலா நாப்பத்தஞ்சாயிரத்து சொச்சம்னு ஒரு நம்பர் வந்தா பயப்படாதீங்க, அந்தக் கட்டத்தோட ஃபார்மேட்டை தேதின்னு மாத்தினா போதும்.

## 3. நகர்ற தேதி எது, நகராத தேதி எது

இதுதான் நான் சூடு பட்டுக் கத்துக்கிட்டது. தமிழ்நாட்டுல வெயிலுக்காக திறப்பு தள்ளிப் போறது சாதாரணம். 2023ல ஆறாம் வகுப்புக்கு மேல ஜூன் 12, ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் ஜூன் 14னு ஆச்சு, ஒரே வீட்ல ரெண்டு பிள்ளைங்களுக்கு ரெண்டு தேதி. 2024ல ஜூன் 6னு சொல்லி ஜூன் 10 ஆச்சு.

2024ல அந்த அறிவிப்பு வந்ததும் நான் சந்தோஷமா எல்லா ரிமைண்டரையும் நாலு நாள் தள்ளி வெச்சேன். வேன் அட்வான்ஸ் தள்ளினது சரி, ஷூ தள்ளினதும் சரி, பாக்கி இருந்த சின்னவ ஃபீஸையும் சேர்த்துத் தள்ளிட்டேன். ஸ்கூல் திறக்கறது தள்ளிப் போச்சே தவிர ஃபீஸ் கடைசி நாள் அங்கேயேதான் இருந்துச்சு. ஃபைன் கட்டினேன், அதோட வீட்டுக்காரர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனி.

அதனால ஷீட்ல இப்படிப் பிரிச்சுடுங்க. ஸ்கூல் திறப்பை ஒட்டி இருக்கற வேலை, அதாவது ஷூ, டிரஸ் போட்டுப் பாக்கறது, வேன் டிரையல், இதெல்லாம் `=$B$1-` ஃபார்முலாவுல இருக்கணும், B1ஐ மாத்தினா தானா நகரும். இன்னொருத்தர் குறிச்ச தேதி, அதாவது ஃபீஸ் கடைசி நாள், டெய்லர் சொன்ன நாள், புக் கவுன்ட்டர் நாள், இதெல்லாம் நேரடித் தேதியா அதே `DATE` போட்டு எழுதி மஞ்சள் கலர் அடிச்சுடுங்க. மஞ்சளை அவங்க சொல்லாம நகர்த்தக் கூடாது.

## 4. ரிமைண்டர்ல என்ன எழுதணும், எங்க வைக்கணும்

"யூனிஃபார்ம்"னு ஒத்தை வார்த்தை எழுதினா அது அடிக்கும்போது நீங்க குக்கர் விசில் எண்ணிட்டு இருப்பீங்க, தள்ளி விட்டுடுவீங்க. என்ன பண்ணணும், எங்க, கூட என்ன எடுத்துட்டுப் போகணும், யார் போகணும், நாலும் இருக்கணும். என் ஃபோன்ல இருந்த ஒண்ணை அப்படியே தரேன்: "சாயங்காலம் 6, டெய்லர் கடை, ரெண்டு பிள்ளைங்களும் கூட வரணும், பெரியவனோட பழைய பேன்ட் ஒண்ணு, நான் போறேன்."

நேரமும் முக்கியம். காலைல 9 மணிக்கு அடிக்கற ரிமைண்டரால மே மாச வெயில்ல ஒரு பிரயோஜனமும் இல்ல, கடைக்குப் போறது எப்படியும் அஞ்சு மணிக்கு மேலதான். அதனால முதல் நாள் ராத்திரி ஒண்ணு, அன்னைக்கு நாலரைக்கு ஒண்ணு, அவ்ளோதான்.

வீட்டுக்காரரும் நானும் மட்டும் இருக்கற வாட்ஸ்அப் குரூப்ல லிஸ்ட்டைப் போட்டு பின் பண்ணி வெச்சிருக்கேன். பின் பண்றப்போ 24 மணி நேரம், 7 நாள், 30 நாள்னு கேக்கும், 30ஐ தேர்ந்தெடுங்க, 7 நாள் போட்டுட்டு பாதியில காணாமப் போச்சுன்னு என்கிட்ட சொன்னவங்க ரெண்டு பேர்.

ஆனா எங்க வீட்ல உண்மையா வேலை செய்யறது சுவத்துல மாட்டியிருக்கற தினசரி காலண்டர். மே 5, 12, 19னு அந்தந்த தாளைத் தேடி ஓரத்துல சிவப்பு பேனாவுல வேலையை எழுதி வெச்சுடுவேன். தினமும் காலைல தாளைக் கிழிக்கறது மாமியார்தான், ராசிபலன் படிச்சு முடிச்சதும் "இன்னிக்கு டெய்லர்னு போட்டிருக்கே"னு சத்தமா சொல்லிடுவாங்க. ஃபோனை ஸ்னூஸ் பண்ணலாம், மாமியாரை ஸ்னூஸ் பண்ண முடியாது.

## 5. 28வது நாள்: யூனிஃபார்ம் அளவு

முதல் வேலை இதுதான், ஏன்னா இதுல மட்டும்தான் உங்க கையில இல்லாத ஆள் ஒருத்தர் இருக்கார். வைகாசி பிறந்தா முகூர்த்தம், டெய்லருக்கு கல்யாண ப்ளவுஸ் ஒரு பக்கம், ஸ்கூல் யூனிஃபார்ம் ஒரு பக்கம். மே 15க்கு மேல போனா "ஜூன் அஞ்சு"ம்பாரு, சில கடைல துணியே வாங்க மாட்டாங்க.

இன்னொரு காரணம், பிள்ளைங்க ஊருக்குப் போயிடுவாங்க. துணி வாங்கிட்டு வந்து பாத்தா அளவு எடுக்க ஆள் அறந்தாங்கில தாத்தா வீட்டு மாந்தோப்புல இருக்கும். பழைய பேன்ட்டை வெச்சு ரெண்டு இஞ்ச் கூட்டித் தைங்கன்னு சொன்னா நீளம் சரியா வரும், இடுப்பும் தோளும் வராது. அதனால அளவு முதல்ல, ஊர் அப்புறம்.

வரிசை இப்படி. முதல்ல பழைய யூனிஃபார்மைப் போட்டுப் பாருங்க. பேன்ட் கால் மடிப்பைத் திருப்பிப் பாருங்க, உள்ள ரெண்டு இஞ்ச் துணி இருந்தா பிரிச்சு இறக்கினா இன்னொரு வருஷம் ஓடும், மடிப்பு இருந்த இடத்துல ஒரு வெளிர் கோடு தெரியும், வாரத்துல ஒரு நாளுக்குப் பரவாயில்ல. சட்டைல காலரும் அக்குளும் பாருங்க, அங்க இத்துப் போயிருந்தா அந்தச் சட்டை முடிஞ்சுது. எங்க வீட்ல பெரியவன் ஆறுலருந்து ஏழுக்குப் போனப்போ மூணு பேன்ட்ல ஒண்ணு தேறிச்சு, சின்னவளுக்கு பினஃபோர் ரெண்டுமே தேறிடுச்சு, சட்டை மட்டும் வேண்டியிருந்துச்சு. இதைப் பாக்காம கடைக்குப் போயிருந்தா ஆளுக்கு மூணு செட் எடுத்திருப்பேன்.

அடுத்து டெய்லர், அப்புறம்தான் துணிக்கடை. உல்டாவா போகாதீங்க. துணி எத்தனை மீட்டர்ங்கறது பன்னாவை, அதாவது துணியோட அகலத்தைப் பொறுத்து மாறும், சின்ன பன்னான்னா ஒரு கணக்கு, பெரிய பன்னான்னா ஒரு கணக்கு. டெய்லர் அளவு எடுத்துட்டு ரெண்டு கணக்கையும் துண்டுச்சீட்டுல எழுதித் தருவார், அதோட கடைக்குப் போங்க. நான் முதல் வருஷம் கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிட்டு வந்து, கால் மீட்டர் பத்தாம, திரும்பப் போனா அந்த ஷேட் தீந்து போயிருந்துச்சு. அதே கலர்னு கொடுத்தாங்க, பக்கத்துல வெச்சா ஒண்ணு நீலம் இன்னொண்ணு கருநீலம். வேற வேற தடவை சாயம் போட்டது அப்படித்தான் இருக்கும், அதனால எல்லா செட்டுக்கும் ஒரே தடவைல எடுத்துடுங்க.

துணியை வாங்கின அன்னைக்கே தண்ணில முக்கி நிழல்ல காயவெச்சு, மறுநாள் டெய்லர்கிட்ட கொடுங்க. காட்டன் கலந்த துணி முதல் தண்ணில கொஞ்சம் சுருங்கும், தெச்ச பிறகு சுருங்கினா சட்டை கை மணிக்கட்டுக்கு மேல ஏறும். வளர்ற பிள்ளைக்கு பேன்ட் காலுக்கு ரெண்டு இஞ்ச், இடுப்புல ஒரு இஞ்ச் உள்ள விட்டுத் தைக்கச் சொல்லுங்க, இதை நாமளா சொல்லணும், சொல்லலன்னா வெட்டி எறிஞ்சிடுவாங்க.

இப்ப டெய்லர் ரிமைண்டர். ஒண்ணு இல்ல, மூணு. கொடுத்த நாள்லருந்து ஏழாவது நாள், அவர் சொன்ன நாள், அதுக்கு மூணு நாள் கழிச்சு. ஏழாவது நாள் போய் "ரெடி ஆச்சாண்ணே"னு கேக்காதீங்க, "ஆயிடும்மா"தான் பதில் வரும். "வெட்டியாச்சாண்ணே"னு கேளுங்க. வெட்டின துணி கயிறு போட்டுக் கட்டி பேர் எழுதின சீட்டோட அலமாரில இருக்கும், அதைக் கண்ணால பாத்தா தைச்சிடுவார்னு நம்பலாம். நீங்க கொடுத்த கவர் கொடுத்த மாதிரியே கிடந்தா அன்னைக்கே அங்க உக்காந்து வெட்டச் சொல்லிட்டு வாங்க. டெய்லர்கிட்ட தேதி சொல்றப்பவும் உண்மையான தேதிக்கு பத்து நாள் முன்னாடி சொல்லுங்க, ஜூன் 2க்கு மே 23. இது பொய் இல்ல, போட்டுப் பாத்து பிரிச்சுத் தைக்க நாள் வேணும்.

அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளில சத்துணவுல சேந்திருக்கற எட்டாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைங்களுக்கு சீருடை அரசே தருது. எல்லா செட்டும் முதல் நாளே கைக்கு வந்துடும்னு மட்டும் எண்ணாதீங்க, பழசுல தேறுறது ஒண்ணு ரெண்டு துவைச்சு வெச்சுக்கோங்க.

## 6. 21வது நாள்: ஃபீஸ்

புக்குக்கு முன்னாடி ஃபீஸ், ஏன்னா நிறைய ஸ்கூல்ல ஃபீஸ் ரசீதைக் காட்டினாதான் புக் கவுன்ட்டர்ல டோக்கனே கொடுப்பாங்க.

பிரச்சனை எங்கன்னா சம்பளம் மாசக் கடைசில வருது, ஃபீஸ் கடைசி நாள் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது. எங்க வீட்டுக் கணக்கையே சொல்றேன். பெரியவனுக்கு முதல் டெர்ம் 19,000, சின்னவளுக்கு 16,500, ஆக ஃபீஸ் 35,500. துணியும் தையக்கூலியும் 6,800. புக், நோட்டு ரெண்டு பேருக்கும் 7,300. ஷூ, சாக்ஸ் 2,400. மொத்தம் 52,000, இது முழுக்க ஏப்ரல் 30 சம்பளத்துலயும் சேத்து வெச்சதுலயும்தான் போகணும், மே 31 சம்பளத்துல வேன் பணம் 3,600 மட்டும்தான் போகும். இதை மே 5 அன்னைக்கே எழுதிப் பாத்தா பத்தாக்குறை எவ்வளவுன்னு தெரியும், சீட்டு எடுக்கறதா, நகை வைக்கறதா, ஸ்கூல்ல ரெண்டு தவணை கேக்கறதான்னு யோசிக்க நாள் இருக்கும். தவணை கேக்கறதா இருந்தா கடைசி நாளுக்கு முன்னாடி எழுதிக் கொடுங்க, அதுக்கப்புறம் கேட்டா அது தவணை இல்ல, பாக்கி.

21வது நாள்லயே கட்ட முடியலன்னா, கட்டற ரிமைண்டரை கடைசி நாளுக்கு அஞ்சு நாள் முன்னாடி வைங்க, எங்களுக்கு கடைசி நாள் மே 23, ரிமைண்டர் மே 18. காரணம் ஆன்லைன்ல காசு போயிடும், ரசீது வராது. அப்போ பதறி இன்னொரு தடவை கட்டாதீங்க. பேங்க் மெசேஜ்ல இருக்கற யூடிஆர் நம்பரைக் குறிச்சு ஸ்கூல் ஆஃபீஸுக்கு அனுப்பிட்டுக் காத்திருங்க, ஒண்ணு ரசீது வரும், இல்லன்னா சில வேலை நாள்ல காசு திரும்பி வரும். கடைசி நாள்ல கட்டினா காத்திருக்க நாளே இல்ல, வேற வழியில்லாம ரெண்டாவது தடவை கட்டுவீங்க.

யூபிஐல கட்டறவங்களுக்கு ஒண்ணு: லீவுல புது ஃபோன் வாங்கி அதுல யூபிஐ புதுசா போட்டீங்கன்னா முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் போகும். கட்டற அன்னைக்கு ஃபோன் மாத்தாதீங்க.

ரசீது வந்ததும் தலைப்பு தனித்தனியா பிரிச்சிருக்கான்னு பாருங்க. பழைய வரி முறைல இருக்கறவங்க வரிக் கழிவுக்குக் காட்டறது டியூஷன் ஃபீஸ் மட்டும்தான், வேன் பணமும் டெவலப்மெண்ட் ஃபீஸும் வராது, எல்லாத்தையும் ஒரே தொகையா போட்டுக் கொடுத்தா மார்ச்ல கஷ்டப்படுவீங்க. தனியார் பள்ளிக்கு எவ்வளவு வாங்கலாம்னு 2009 சட்டத்துல அமைச்ச கட்டண நிர்ணயக் குழு ஸ்கூல் வாரியா, வகுப்பு வாரியா குறிச்சிருக்கும், தொகை திடீர்னு ஏறியிருந்தா அதோட ஒப்பிட்டுப் பாருங்க.

## 7. 14வது நாள்: புக், நோட்டு

புக் செட் வாங்கினதும் கவுன்ட்டரை விட்டு நகராம ரெண்டு பாருங்க. ஒண்ணு, லிஸ்ட்ல இருக்கறது எல்லாம் கட்டுல இருக்கா. ரெண்டு, பக்கம். புத்தகம் பாரம் பாரமா அடிச்சு சேத்து பைண்டிங் பண்றது, ஒரு பாரம் விட்டுப் போனா பதினாறு பக்கம் மொத்தமா இருக்காது, இல்லன்னா அதே பதினாறு ரெண்டு தடவை இருக்கும். ஒவ்வொரு பக்கமா எண்ண வேண்டாம், கட்டை விரலால சரசரன்னு விட்டு 16, 32, 48 பக்கத்துலல்லாம் நம்பர் ஒழுங்கா தொடருதான்னு பாத்தா போதும், ஒரு புக்குக்கு அரை நிமிஷம். வீட்டுக்கு வந்து அட்டை போட்ட பிறகு கண்டுபிடிச்சா மாத்தித் தர மாட்டாங்க.

அக்கா பையனோட பழைய புக் கிடைச்சா சந்தோஷம்தான், ஆனா முதல் பக்கத்துல எந்த வருஷப் பதிப்புன்னு பாருங்க. என்சிஇஆர்டி புக் படிக்கற ஸ்கூலா இருந்தா இன்னும் கவனம், 2023லருந்து வகுப்பு வகுப்பா புக்கையே மாத்திட்டு வந்தாங்க, மூணும் ஆறும் 2024ல மாறுச்சு. பழசு பேரே வேற. ஒரு புக் கடைல கிடைக்கலன்னா என்சிஇஆர்டி புக் `ncert.nic.in`ல பிடிஎஃபா இலவசமா இருக்கு, ஸ்டேட் போர்டு புக்கும் பாடநூல் கழகத்தோட தளத்துல இருக்கு, முதல் பாடத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துட்டு ரெண்டு வாரம் ஓட்டலாம்.

நோட்டு பாதிதான் வாங்குங்க. நாலு கோடு, ரெண்டு கோடு, கட்டம் போட்டது, கோடு போடாதது, லாங் சைஸ், 96 பக்கம், 192 பக்கம்னு லிஸ்ட் வரும், முதல் வாரம் டீச்சர் வந்து "மேத்ஸுக்கு கட்டம் வேண்டாம், அன்ரூல்டு கொண்டா"ன்னு சொல்லுவாங்க. பாடத்துக்கு ஒண்ணு இருந்தா முதல் வாரம் தாங்கும்.

பிரவுன் ஷீட் அட்டை எல்லாத்தையும் ஒரே நாள்ல போடணும்னு உக்காராதீங்க, தினம் மதியம் வெயில்ல வெளிய போக முடியாத நேரத்துல நாலு நாலா போட்டா அஞ்சு நாள்ல முடிஞ்சிடும், பிள்ளைங்களையும் கூட உக்கார வைக்கலாம். லேபிள்ல பேரும் வகுப்பும் பேனாவுல எழுதுங்க, செக்ஷனை மட்டும் பென்சில்ல. முதல் நாள் செக்ஷன் மாத்திப் போடறது நிறைய ஸ்கூல்ல பழக்கம், 7-பி அப்படின்னு இருவது லேபிள்ல அடிச்சு வெள்ளை மை பூசின அனுபவம் எனக்கு இருக்கு.

## 8. 10வது நாள்: ஷூ

யூனிஃபார்ம் முதல்ல, ஷூ கடைசில. கால் வேகமா வளரும், மே முதல் வாரம் வாங்கினது ஜூன்ல இறுக்கிப் பிடிக்கலாம், அதுக்காக திறக்கறதுக்கு முந்தின சனி ஞாயிறுக்குப் போனா உங்க சைஸ் மட்டும் இருக்காது. அதுக்கு நடுவுல பத்தாவது நாள், மே 23.

சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க, பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் பருத்திருக்கும். ஸ்கூல் சாக்ஸைப் போட்டுட்டுதான் ஷூ போட்டுப் பாக்கணும். நிக்க வெச்சு, நீளமான விரல் எதுவோ அதுக்கு முன்னாடி உங்க கட்டைவிரல் அகலம் இடம் இருக்கான்னு அமுக்கிப் பாருங்க. உக்காந்துட்டே போட்டுப் பாத்தா எல்லா ஷூவும் சரியாத்தான் இருக்கும். அப்புறம் தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குள்ள போட்டு நடக்கட்டும், முதல் நாளே எட்டு மணி நேரம் போட்டா குதிகால்ல கொப்புளம் வந்து மூணாவது நாள் செருப்போட அனுப்பிட்டு டைரில லெட்டர் எழுதிட்டு இருப்பீங்க.

## 9. 7வது நாள்லருந்து 3வது நாள் வரைக்கும்: வேன், பஸ்

வேன் அண்ணன்கிட்ட "போன வருஷம் மாதிரிதானே"னு கேட்டு விட்டுடாதீங்க. கேக்க வேண்டியது: இந்த வருஷம் நம்ம தெருவுக்கு எத்தனை மணிக்கு, முதல் ஆளா நடுவுலயா, எத்தனை பிள்ளைங்க ஏறுறாங்க, முதல் வாரம் ஸ்கூல் சீக்கிரம் விட்டா வேன் அந்த நேரத்துக்கு வருமா. கடைசிக் கேள்விதான் எல்லாரும் விடறது. முதல் நாள் மதியமே ஸ்கூல் விட்டு, வேன் வழக்கம் போல நாலு மணிக்கு வந்தா, சின்னப் பிள்ளை கேட் கிட்ட உக்காந்திருக்கும்.

வண்டி நம்பர் பலகையையும் பாருங்க. வாடகைக்கு ஓட்டற வண்டிக்கு மஞ்சள் பலகைதான், வெள்ளை பலகை சொந்த உபயோகத்துக்கு, அதுல காசுக்கு ஏத்திட்டுப் போய் ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பிடிக்கறது அதைத்தான். ஸ்கூல் பஸ்னா 2012ல வந்த தனி விதிகள் இருக்கு, ஒவ்வொரு மே மாசமும் ஆர்டிஓ ஆளுங்க மைதானத்துல நிறுத்தி அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, தரைப் பலகை எல்லாம் பாப்பாங்க. "உங்க பஸ் செக்கிங் முடிஞ்சுதா"னு கேக்கறதுல தப்பே இல்ல.

அரசு பஸ்ல போற பிள்ளைங்களுக்கு இலவச பாஸ் ஸ்கூல் வழியாதான் வரும், திறந்து சில வாரம் ஆகலாம். அதுவரைக்கும் பழைய பாஸோ யூனிஃபார்மோ இருந்தா ஏத்திக்கச் சொல்லி வழக்கமா போக்குவரத்துத் துறை அறிவிக்கும், அதனால பழைய பாஸைத் தூக்கிப் போடாதீங்க, ஷர்ட் பாக்கெட்லயே இருக்கட்டும்.

3வது நாள், மே 30, முழு ஒத்திகை. யூனிஃபார்ம், பெல்ட், டை, ஷூ, புக் போட்ட பை, எல்லாம் மாட்டிட்டு வீட்லருந்து ஸ்டாப் வரைக்கும் பிள்ளையோட வேகத்துல நடந்து எத்தனை நிமிஷம்னு பாருங்க. எங்க ஸ்டாப் எனக்கு நாலு நிமிஷம், பையோட சின்னவளுக்கு ஒம்போது நிமிஷம். காலைல அலாரம் வைக்க வேண்டியது அந்த ஒம்போதை வெச்சுத்தான்.

## 10. திறப்பு தள்ளிப் போச்சுன்னா

அறிவிப்பு பெரும்பாலும் கடைசி வாரத்துலதான் வரும். டிவில ஃப்ளாஷ் ஓடினதும் பண்ண வேண்டியது இதுதான். B1ஐ மட்டும் மாத்துங்க. மஞ்சள் தேதியைத் தொடாதீங்க, ஸ்கூல்லருந்து தனியா மெசேஜ் வந்தா மட்டும் மாத்துங்க. வேன் அண்ணனுக்கு ஒரு ஃபோன், அப்படியே ஜூன் முழுப் பணமா இல்ல நாள் கணக்கான்னு அப்பவே பேசிடுங்க. ஃபோன் ரிமைண்டரை புதுத் தேதிக்கு மாத்துங்க, ஷீட் மாறினா ஃபோன் தானா மாறாது.

அப்புறம் சுவத்துக் காலண்டர்ல பழைய தாளைத் தேடி அடிச்சுடுங்க. 2024ல அதை மறந்துட்டேன், ஜூன் 6 காலைல ஆறு மணிக்கு மாமியார் தாளைக் கிழிச்சு "இன்னிக்கு ஸ்கூல்"னு ரெண்டு பிள்ளைங்களையும் எழுப்பி குளிக்க வெச்சுட்டாங்க.